லிங்க்ட்இனில் நியூஸ்லெட்டர் நடத்துபவர்கள் ஒரு யோசனை சொல்லுங்கள்

திருப்பூர் சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றி மட்டும் என் லிங்க்ட்இன் புரொஃபைலில் நியூஸ்லெட்டர் எழுதுகிறேன். முதல் இதழ் போட்டதுமே தொடர்பில் இருப்பவர்களுக்கு அழைப்பு போய்விடுவதால் சந்தாதாரர்கள் மளமளவென்று சேர்ந்தார்கள், ஆனால் பாதிப் பேர் கல்லூரி நண்பர்களும் ஹெச்ஆர் ஆட்களும்தான். நொய்யல் மாசு என்று பொதுவாக எழுதினால் லைக் குவிகிறது. ஆர்ஓ மெம்பிரேனில் சிலிக்கா படிவதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதினால் லைக் சொற்பம், ஆனால் பிளான்ட் ஆபரேட்டர்கள் பிரஷர் ரீடிங் எழுதிய லாக் ஷீட்டையே படம் பிடித்து அனுப்பிக் கேள்வி கேட்கிறார்கள். எனக்கு வேண்டியவர்கள் இவர்கள்தான். சந்தாதாரர்களின் மெயில் முகவரிகளை அங்கிருந்து எடுக்க வழியில்லை, அதனால் ஒவ்வொரு இதழிலும் தனி மெயில் பட்டியலுக்கு இணைப்பு கொடுக்கலாமா? சரி, ஷிப்டில் இருப்பவர்கள் மெயில் பார்ப்பார்களா, இல்லை வாட்ஸ்அப் சேனல்தான் சரிப்படுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.