வட்டி மிஞ்சுகிறது, பணம் போதவில்லை: ஓய்வுக்கால அனுபவங்கள்

பேட்டை கணக்குப்பிள்ளை

2023 மார்ச்சில் வேலையை முடித்தேன், வயது 58. பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பி.எஃப்., கிராஜுவிட்டி, விற்ற மனை எல்லாம் சேர்த்துக் கையில் 90 லட்சம். வீடு சொந்தம். மாதாமாதம் வரும் சின்ன பி.எஃப். பென்ஷன் போக, வீட்டுச் செலவுக்கு இன்னும் 36,000 வேண்டும். வருடத்துக்கு 4,32,000.

30 லட்சத்தைத் தபால் ஆபீசில் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டேன். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வருகிறது. மீதி 60 லட்சம் வங்கி டெபாசிட்டில். மொத்த வட்டி செலவைவிட இரண்டு லட்சத்துக்கு மேல் அதிகம். வட்டியே மிஞ்சும்போது அசலைத் தொட வேண்டியதே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

என் மனைவி 2012-லிருந்து கணக்கு நோட்டு எழுதுகிறாள். நீள நோட்டு, வருடத்துக்கு ஒன்று. பால், கேஸ், மளிகை, மருந்து, கல்யாண மொய் வரைக்கும் தனித்தனிப் பத்தி. போன வருடம் பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது 2012 நோட்டைப் புரட்டினேன். அந்த வருடம் மாதச் சராசரி 17,000. பிள்ளைகள் படிப்புச் செலவை நீக்கிவிட்டுப் பார்த்த தொகை அது. அதே செலவுகள் 2024-ல் 34,500-ஐத் தொட்டிருந்தன. பன்னிரண்டு வருடத்தில் இரண்டு மடங்கு, வருடத்துக்குச் சுமார் 6 சதவீதம்.

அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வட்டி எப்போதும் இந்த உயரத்தில் நிற்காது என்பதால் 7 சதவீதம் என்றும், விலைவாசி 6 சதவீதம் என்றும் வைத்தேன். B-யில் வருட ஆரம்பத்துப் பணம், C-யில் அந்த வருடச் செலவு.

```
B2: 9000000
C2: 432000
B3: =(B2-C2)*1.07
C3: =C2*1.06
```

மூன்றாவது வரியை அப்படியே 40 வருடத்துக்குக் கீழே இழுத்துப் பாருங்கள். நான் பார்த்தது இதுதான். முதல் ஏழு வருடம் பணம் கூடிக்கொண்டே போகிறது, 97 லட்சத்தைத் தாண்டுகிறது. பன்னிரண்டாவது வருட முடிவில்கூட 91 லட்சத்துக்கு மேல் இருக்கிறது, ஆரம்பித்ததைவிட அதிகம். அந்த நேரத்தில் பாஸ்புக்கைப் பார்க்கிற யாரும் பயப்பட மாட்டார்கள். அப்புறம் இறங்குகிறது. பதினெட்டாவது வருட முடிவில் 61 லட்சம். இருபத்து மூன்றாவது வருட முடிவில் ஒரு லட்சம் மட்டும். அப்போது எனக்கு 81, என் மனைவிக்கு 77.

பாஸ்புக்கில் தொகை கூடுவது எதையும் காட்டாது என்று அன்றுதான் புரிந்தது. பார்க்க வேண்டியது, கையிலிருக்கும் பணம் அந்த வருடச் செலவைப் போல எத்தனை மடங்கு என்பதை. ஆரம்பத்தில் எனக்கு 20.8 மடங்கு. ஆறாவது வருட ஆரம்பத்தில் பணம் 96.5 லட்சமாகக் கூடியிருக்கும், ஆனால் மடங்கு 16.7-ஆகக் குறைந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டு ஓய்வு பெற்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அம்பை டீச்சர்

அண்ணாச்சி, 4 சதவீதம் எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது சேவிங்ஸ் வட்டி மாதிரியா? எனக்கு சேவிங்ஸில் அவ்வளவுகூட வரவில்லை. எனக்குப் பழைய பென்ஷன்தான், அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறுகிறது. கையில் 18 லட்சம் சும்மா கிடக்கிறது. அதிலிருந்து வருடத்துக்கு 72,000-தான் எடுக்க வேண்டுமா?

பாளை பையன்

டீச்சர், அது வட்டி இல்லை. வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் வருடம் 4 சதவீதம் எடுத்துக்கொண்டே இருக்கலாம், பணம் தீராது. பெங்கன் என்ற அமெரிக்கர் 1994-ல் நிரூபித்தது. நான் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், வயது 37. 45-ல் ஊருக்கே வந்துவிடத் திட்டம். வருடச் செலவு 8 லட்சம் என்று வைத்து 2 கோடிதான் என் இலக்கு.

வள்ளியூர் ஓய்வு

தம்பி சொன்னதில் பாதி சரி. நான் இன்சூரன்ஸ் துறையில் ஆயுள் கணக்குப் போடுகிற பிரிவில் 31 வருடம் இருந்தவன். அதனால் மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

வில்லியம் பெங்கன் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பங்குகளும் அமெரிக்க அரசுப் பத்திரங்களும், 1926-லிருந்து உள்ள விவரங்களோடு. முதல் வருடம் மட்டும்தான் மொத்தப் பணத்தில் சதவீதம் பார்க்க வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து சதவீதத்தை மறந்துவிட்டு, போன வருடம் எடுத்த தொகையோடு விலைவாசி உயர்வைச் சேர்த்து எடுக்க வேண்டும். எந்த வருடம் ஓய்வு பெற்றிருந்தாலும் 30 வருடம் தாங்குகிற விகிதம் எது என்று தேடினார். சுமார் 4 வந்தது. அதுவும் பாதிக்குக் குறையாமல் பங்குகளில் இருந்தால்தான். அவருடைய கணக்கில் மிகவும் அடிபட்டவர் 1966-ல் ஓய்வு பெற்றவர். அவருக்குச் சந்தையும் சரியில்லை, பின்னாலேயே 1970-களின் விலைவாசியும் சேர்ந்துகொண்டது.

பணம் தீராது என்று அவர் சொல்லவில்லை, 30 வருடம் வரும் என்றுதான் சொன்னார். தம்பி 45-ல் நிறுத்தினால் 45 வருடத்துக்கு மேல் வேண்டும். நம் ஊர் விலைவாசியும் வேறு. பேட்டை அண்ணாச்சியின் கணக்கிலேயே பாருங்கள். 7 வட்டி, 6 விலைவாசி என்றால் உண்மையில் வளர்வது ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அப்படி வளரும் பணம் 35 வருடம் தாங்க 30 மடங்கு வேண்டும். முதல் வருடம் 3.3 சதவீதம்தான் எடுக்கலாம். அண்ணாச்சிக்கு அது 1 கோடியே 30 லட்சம். அவர் எடுப்பது 4.8 சதவீதம்.

டீச்சர், உங்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. விலைவாசியோடு ஏறுகிற பென்ஷன் செலவுக்குப் போதுமானால் 18 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணம். அதற்குச் சதவீதம் பார்க்க வேண்டாம்.

தென்காசி மகன்

என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். 2008 ஜனவரியில் ஓய்வு பெற்றார், கையில் 50 லட்சம். பங்குச் சந்தை நீண்ட காலத்தில் 12 சதவீதம் தரும், 8 எடுத்தால் மீதி வளரும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மொத்தத்தையும் பங்கு ஃபண்டில் போட்டு, வருடம் 4 லட்சம் எடுக்க ஆரம்பித்தார். விலைவாசிக்கு ஏற்ப எடுக்கிற தொகையைக் கூட்டிக்கொண்டும் போனார்.

அந்த வருடம் நிஃப்டி பாதிக்கும் கீழே போனது. 4 லட்சம் எடுத்த பிறகு இருந்த 46 லட்சம் டிசம்பரில் 22 லட்சமாகி நின்றது. 2009-ல் சந்தை 76 சதவீதம் ஏறியது, 2010-ல் இன்னும் 18. நிஃப்டி 2007 கடைசியில் 6,138, 2010 கடைசியில் 6,134. விழுந்ததெல்லாம் எழுந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். அப்பா கையில் இருந்தது சுமார் 31 லட்சம்.

ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு வருட ஸ்டேட்மெண்டையும் எடுத்து யூனிட் எண்ணிக்கையை மட்டும் எழுதினேன். 2009 ஆரம்பத்தில் ஏறக்குறைய அதே பணத்துக்கு 2008 ஆரம்பத்தைவிட இரண்டு மடங்கு யூனிட்டை விற்றிருந்தார்கள். சந்தை ஏறும்போது ஏறுவதற்கு அந்த யூனிட்டுகள் இல்லை. விதைநெல்லை எடுத்துக் குத்திச் சாப்பிட்ட மாதிரிதான். 2011-ல் சந்தை திரும்பவும் 25 சதவீதம் விழுந்தது. 2016-க்கு எடுக்க எதுவுமே இல்லை. அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேர் மாதாமாதம் கொடுத்தோம். கொடுப்பதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. ஆனால் வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

எட்டு வருடத்துக்கான சராசரி எவ்வளவு என்பது இதில் முக்கியமே இல்லை. விழுவது முதல் இரண்டு வருடத்தில் வந்ததுதான் கெடுத்தது.

பாளை பையன்

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒரு சந்தேகம். ஒவ்வொரு ஜனவரியிலும் அப்போது இருக்கிற பணத்தில் 4 சதவீதம் மட்டும் எடுத்தால் தீராதுதானே?

வள்ளியூர் ஓய்வு

தீராது. ஆனால் 2008 மாதிரி வருடம் வந்தால் அடுத்த வருடம் உங்கள் சம்பளம் பாதியாகும். செலவைப் பாதியாக்க முடிந்தவருக்குத்தான் அது சரிவரும். நான் செய்திருப்பது வேறு. நான்கு வருடச் செலவுக்கான பணம் டெபாசிட்டில் தனியாக இருக்கிறது. சந்தை விழுந்த வருடம் ஃபண்டைத் தொடமாட்டேன், டெபாசிட்டிலிருந்து எடுப்பேன். 2020 மார்ச்சில் அப்படித்தான் செய்தேன், அந்த வருடக் கடைசிக்குள் ஃபண்ட் மீண்டுவிட்டது. ஆனால் விழுந்த சந்தை ஆறு ஏழு வருடம் எழாமல் கிடந்தால் என் நான்கு வருடம் போதாது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மேலப்பாளையம் கடைக்காரர்

எங்கள் வீட்டில் வட்டி வாங்குவதில்லை, அதனால் இந்தச் சதவீதம் எனக்குப் பொருந்துமா தெரியவில்லை. எனக்கு இரண்டு கடை வாடகை. மாதம் 28,000, வருடம் 5 சதவீதம் கூட்டித் தர ஒப்பந்தம். காகிதத்தில் விலைவாசியோடு கூடவே வருகிறது. ஆனால் ஒரு கடை பதினொரு மாதம் காலியாகக் கிடந்தது. புதிதாக வந்தவர் பழைய வாடகைக்கே கேட்டார், கொடுத்தேன். மேல்தளம் ஒழுகி 1,40,000 செலவு. இப்போது பன்னிரண்டு மாதத்துக்குப் பதிலாகப் பத்து மாத வாடகைதான் வரும் என்று எடுத்துக்கொண்டு செலவைத் திட்டமிடுகிறேன்.

வள்ளியூர் ஓய்வு

பாய், நீங்கள் பத்து மாதம் என்று வைத்ததும் எங்கள் கணக்கும் ஒன்றுதான். கடையின் விலை எத்தனை லட்சம் என்பதைச் சேர்க்காதீர்கள், விற்கப்போவதில்லையே. வருகிற வாடகையைச் செலவிலிருந்து கழியுங்கள். மிஞ்சுகிற செலவுக்கு மட்டும் 30 மடங்கு பாருங்கள்.

பேட்டை கணக்குப்பிள்ளை

என் பக்கம் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். வண்ணார்பேட்டையில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன், மாதம் 20,000 வருகிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்தே ஐந்து வருடம் அப்படிச் சம்பாதித்திருந்தால் எத்தனை வருடம் கூடும் என்று அதே தாளில் போட்டுப் பார்த்தேன். மூன்று வருடம்தான் கூடுகிறது, 81 என்பது 84 ஆகிறது. அப்புறம் செலவைப் பார்த்தேன். மாதம் 4,000 குறைத்து 32,000-ல் நடத்தினால் அதுவும் தனியாக மூன்று வருடம் தருகிறது. முதலில் இதை நம்பவே முடியவில்லை. ஐந்து வருட உழைப்பும் தினசரி 130 ரூபாய் குறைப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. குறைத்த செலவு அடுத்த வருடத்துக்கும் அதற்கடுத்த வருடத்துக்கும் குறைந்தே போகிறது, அதனால்தான்.

இரண்டையும் செய்கிறோம். கொஞ்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவதா என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. தென்காசித் தம்பி எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வள்ளியூர் அண்ணாச்சி சொன்ன நான்கு வருடப் பணத்தை முதலில் ஒதுக்கு, அப்புறம் பார்க்கலாம் என்றாள். நோட்டில் அதற்கென்று ஒரு புதுப் பத்தி போட்டிருக்கிறாள்.

அம்பை டீச்சர்

எனக்கு இப்போது ஓரளவு புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். போன வருடம் எங்கள் அத்தானுக்கு இருதய ஆபரேஷன் நடந்தது, ஆஸ்பத்திரிச் செலவு இந்த 6 சதவீதத்தில் அடங்குகிற மாதிரி தெரியவில்லையே. நோட்டில் மருந்துப் பத்தி மட்டும் பன்னிரண்டு வருடத்தில் எத்தனை மடங்கு ஆகியிருக்கிறது, அண்ணாச்சி?

பேட்டை கணக்குப்பிள்ளை

டீச்சர், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 2012-ல் மாதம் 900. 2024-ல் 4,300.