லேசரில் தாத்தா முகம் கரிக்கட்டையாக வருகிறது, நெற்றியில் வேறு அலை அலையாகக் கோடு. யாராவது வழி சொல்லுங்கள்

தங்கச்சிமடம் ஃப்ரேம் கடை:
வணக்கம். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக 10 வாட் டயோடு லேசர் ஓட்டுகிறேன். பெயர்ப்பலகை, சாவிக்கொத்து எல்லாம் நன்றாக வருகிறது. முகம்தான் வரமாட்டேன் என்கிறது.

இப்போது கையில் இருப்பது ஏர்வாடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் வேலை. தாத்தா அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். வருகிற வாரம் வருஷத் திவசம். படம், படகோரம் நின்று போனில் எடுத்தது. பின்னால் கடல் பளபளவென்று இருக்கிறது, முகம் இருட்டு, மேலே வெள்ளைச் சட்டை. 4 மி.மீ. பிர்ச் ப்ளைவுட்டில் 150 × 200 மி.மீ. அளவுக்குச் செதுக்க வேண்டும்.

நான் செய்தது: போனில் ஒரு ஆப் வைத்துப் படத்தைப் புள்ளிப்புள்ளியாக மாற்றினேன். அதை வாட்ஸ்அப்பில் கணினிக்கு அனுப்பி, LightBurn-இல் போட்டு, Jarvis வைத்து, Line Interval 0.1, வேகம் 3000, பவர் 45% கொடுத்து ஓட்டினேன். திரையில் அழகாக இருந்தது. மரத்தில் கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரே கறுப்பு. நெற்றியில் மணலில் காற்று வரைந்த மாதிரி வரிவரியாக வந்திருக்கிறது. மூன்று பலகை போய்விட்டது.

கீழக்கரை கல்வெட்டு:
தம்பி, இது சின்ன விஷயம். படத்தை நெகட்டிவ் ஆக்கிவிட்டுச் செதுக்குங்கள். நான் கறுப்பு கிரானைட்டில் முகம் போடுகிறேன், எனக்கும் முதலில் பேய் மாதிரிதான் வந்தது. Negative டிக் செய்ததும் சரியாகிவிட்டது.

தங்கச்சிமடம் ஃப்ரேம் கடை:
பாய், கல்லில் லேசர் பட்ட இடம் வெளுக்கும். மரத்தில் பட்ட இடம் கறுக்கும். எனக்குத் தலைகீழாக வரவில்லை, மொத்தமும் கறுப்பாக வருகிறது.

கீழக்கரை கல்வெட்டு:
அட ஆமாம். பலகை என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவில்லை. மன்னிக்கவும்.

தொண்டி டிசைன்ஸ்:
கான்ட்ராஸ்ட் பற்றவில்லை. அதுதான் காரணம். பிரைட்னஸ் 30, கான்ட்ராஸ்ட் 40 ஏற்றுங்கள். முகம் பளிச்சென்று வரும். Jarvis-க்குப் பதிலாக Stucki போட்டும் பாருங்கள்.

தங்கச்சிமடம் ஃப்ரேம் கடை:
நான்காவது பலகையும் போயிற்று அண்ணே. முகம் தெரிகிறது, ஆனால் சட்டை மொத்தமாக மறைந்து, தலை மட்டும் தனியாக மிதக்கிறது. கன்னத்துச் சுருக்கம் எதுவும் இல்லை. பேரன் வந்து பார்த்துவிட்டு, “இது எங்க தாத்தா இல்லண்ணே, அவர் இவ்வளவு வெளுப்பு கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனான். அலை அப்படியேதான் இருக்கிறது.

மண்டபம் பட்டறை:
பேரன் சொன்னது சரி. கறுத்த முகத்தை வெளுப்பாக்கினால் ஆளே மாறிவிடுவார்.

உங்களிடம் இருப்பது இரண்டு கோளாறு, காரணமும் வேறு வேறு. முதலில் அலை. ஆப்பில் ஒரு தடவை புள்ளியாக்கினீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபிஜி ஆக்கியது, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே சாம்பல் அழுக்கு சேர்ந்தது. அப்புறம் LightBurn அதே படத்தை 0.1 மி.மீ. கட்டத்துக்கு மாற்றி, மறுபடியும் Jarvis-ஆல் புள்ளியாக்கியது. இரண்டு புள்ளிக் கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராததால் வருவதுதான் அந்த வரி. கொசுவலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள், இதே அலை தெரியும். அதனால் ஆப்பை விட்டுவிடுங்கள். பேரனிடம் மூலப் படத்தை டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாம்பல் நிறப் படமாகவே LightBurn-க்குக் கொடுங்கள். புள்ளியாக்குவது ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசியில். வெளியே புள்ளியாக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பிஎன்ஜி ஆகச் சேமித்து, Pass-Through-இல் ஓட்ட வேண்டும். அப்போதும் படத்தின் அளவு Line Interval-ஓடு புள்ளிக்குப் புள்ளி பொருந்த வேண்டும்.

கறுப்பு வேறு கதை. 0.1 என்று கொடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.1 மி.மீ. சதுரம்தான் இடம். உங்கள் லேசர் சுடும் புள்ளி அதற்குள் அடங்குகிறதா? ஒரு துண்டுப் பலகையில் சின்னச் சின்னக் கட்டங்களை 0.10, 0.12, 0.14, 0.16 இடைவெளியில் கோடு போட்டு நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் கோடுகளுக்கு நடுவே மரம் தெரியத் தொடங்குகிறதோ, அதுதான் உங்கள் சூட்டுக்கோட்டின் அகலம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் ஃப்ரேம் கடை:
அக்கா, 0.14 வரை முழுக் கறுப்பு. 0.16-இல் மயிரிழை மாதிரி மரம் தெரிகிறது.

மண்டபம் பட்டறை:
அப்படியானால் சுமார் 0.15. கணக்கைப் பாருங்கள். ஒரு புள்ளிக்கான இடம் 0.01 சதுர மி.மீ. நீங்கள் சுடுவது 0.15 விட்டமுள்ள வட்டம், கிட்டத்தட்ட 0.018. ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாதிச் சாம்பல் என்று கணினி ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்தால், மரத்தில் நடுவில் இருக்கும் வெள்ளையையும் சூடு தின்றுவிடும். தாத்தா முகம் முழுக்கப் பாதிச் சாம்பலுக்கும் கீழே இருக்கிறது, அதனால்தான் கரிக்கட்டை.

முதலில் சூட்டைக் குறையுங்கள். குவியத்தை மறுபடி பிடியுங்கள், ப்ளைவுட் ஓரம் நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் பலகை ஒரே ராத்திரியில் வளைந்துவிடும். வேகம் 4000, பவர் 35% வைத்து அதே கட்டங்களை மறுபடி போடுங்கள். புள்ளி கரியாக வேண்டாம், காப்பிக்கொட்டை நிறம் போதும்.

தொண்டி டிசைன்ஸ்:
Dot Width Correction என்று ஒன்று இருக்கிறதே, அதில் 0.05 போட்டால் வேலை முடிந்தது. இவ்வளவு சுற்ற வேண்டாம்.

மண்டபம் பட்டறை:
அது உதவும், ஆனால் பாதிதான். லேசர் ஓடும் திசையில் மட்டும் புள்ளியின் நீளத்தை வெட்டும். மேலிருந்து கீழாகப் பக்கத்துக் கோட்டுக்குள் பரவுவதை அது தொடாது. புள்ளியை நிஜமாகச் சிறிதாக்கிவிட்டு, மிச்சத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

தங்கச்சிமடம் ஃப்ரேம் கடை:
குவியத்தில்தான் தவறு இருந்தது. கட்டையை மாற்றி வைத்து அளந்திருக்கிறேன். இப்போது 0.12-லேயே கோடு பிரிந்து தெரிகிறது.

மண்டபம் பட்டறை:
நல்லது. Line Interval-ஐயும் 0.12 ஆக்குங்கள். 150 மி.மீ.க்கு 1250 புள்ளி. முகத்துக்கு இது தாராளம். 0.1-க்கு ஆசைப்பட்டால் புள்ளிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து உங்கள் மரம் எவ்வளவு சாம்பல் தாங்கும் என்று பார்க்க வேண்டும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பதினொரு படி உள்ள ஒரு பட்டை செய்யுங்கள். 0%, 10% என்று 100% வரை. GIMP-இல் கையால் வரையலாம். ImageMagick போட்டிருந்து, கமாண்ட் பழக்கமும் இருந்தால் இது போதும்:

```
magick -size 1x11 gradient:white-black -sample 10000% padi.png
```

அதே பலகையின் துண்டில், முகத்துக்கு வைக்கப்போகும் அதே வேகம், பவர், Jarvis வைத்துச் செதுக்குங்கள். கரித்தூளைத் துடைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தப் படிக்கு மேல் கறுப்பில் வித்தியாசம் தெரியவில்லை? எந்தப் படி, வெறும் மரத்துக்கும் முழுக் கறுப்புக்கும் சரிபாதியாகத் தெரிகிறது?

தங்கச்சிமடம் ஃப்ரேம் கடை:
70-க்கு மேல் எல்லாம் ஒன்றுதான். பாதி என்றால் 20-க்கும் 30-க்கும் நடுவில்.

மண்டபம் பட்டறை:
உங்கள் வளைகோடு கிடைத்துவிட்டது. மரத்துக்கு 70% புள்ளியே முழுக் கறுப்பு. ஆக, படத்தின் கறுப்பு 0-வில் நிற்கக் கூடாது, 77-க்கு ஏற வேண்டும். 25% புள்ளி பாதி கறுப்பாகத் தெரிகிறது, அதனால் நடுச் சாம்பல் 128 என்பது 190 ஆக வேண்டும். வெள்ளை 255 அப்படியே. GIMP-இன் Colors > Curves-இல் அந்த மூன்று புள்ளிகளை வையுங்கள்: (0, 77), (128, 190), (255, 255). கோடு மேல்நோக்கி வயிறு தள்ளின மாதிரி இருக்கும்.

இதைக் கடைசியில்தான் போட வேண்டும். அதற்கு முன் படத்தைப் படமாகச் சரிசெய்யுங்கள். கடலை வெட்டி வெள்ளையாக்குங்கள், அங்கே வெறும் மரம் நின்றால் போதும். முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நிழலை இலேசாக ஏற்றுங்கள். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் இருக்கும் மினுக்கம் மட்டும் வெள்ளையை நெருங்கலாம், கன்னம் கறுப்பாகவே இருக்கட்டும். சட்டையின் மடிப்பு போகாமல் 235 அளவில் நிறுத்துங்கள். பிறகு 1250 புள்ளிக்குச் சுருக்கி, அதன் பின் கூர்மையாக்குங்கள். சுருக்கும் முன் கூர்மையாக்கினால் பாதி வீண். கண்ணிமையும் சுருக்கமும் திரையில் கொஞ்சம் மிகையாகத் தெரியும் அளவுக்குப் போகலாம், மரம் அதை மழுக்கிவிடும். எல்லாம் முடிந்தபின் மேலே சொன்ன வளைகோடு. அப்போது திரையில் படம் சாம்பல் பூசினதுபோல் வெளிறிப்போகும். பார்த்துப் பயந்து கான்ட்ராஸ்டைத் தொட்டுவிடாதீர்கள்.

தொண்டி டிசைன்ஸ்:
இந்த எண்களை நானும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மண்டபம் பட்டறை:
எழுதி வைத்தால் ஏமாறுவீர்கள். இது அவர் லேசருக்கும் அந்த ஒரு பலகைக்கும் உள்ள எண். உங்கள் பட்டையை நீங்கள்தான் செதுக்கிப் பார்க்க வேண்டும்.

தங்கச்சிமடம் ஃப்ரேம் கடை:
அக்கா, வந்துவிட்டது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஓடியது. அலை இல்லை. இடது கண்ணுக்குக் கீழே இரண்டு சுருக்கம் தனித்தனியாகத் தெரிகிறது, சட்டைப் பையின் ஓரம்கூட இருக்கிறது. பேரன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அட்வான்ஸ் போக மீதியைக் கொடுத்துவிட்டான்.

ஒரு குறை. தாடியில் நரையும் கறுப்பும் கலந்த இடம் கொஞ்சம் கூழாக இருக்கிறது.

மண்டபம் பட்டறை:
தாடி எனக்கும் அப்படித்தான். 0.12-இல் ஒரு முடியை ஒரு புள்ளியால் காட்ட முடியாது. Atkinson போட்டால் கொஞ்சம் பிரியும், ஆனால் சட்டையின் மெல்லிய சாம்பலை அது விழுங்கிவிடும். இரண்டில் எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கீழக்கரை கல்வெட்டு:
தம்பி, மேலே எண்ணெயோ வார்னிஷோ அடிக்கப் போகிறீர்களா? என் மச்சான் மரத்தில் ஒன்று செய்தார், எண்ணெய் பூசினதும் மரமே பழுப்பாகி முகம் மங்கிவிட்டது.

மண்டபம் பட்டறை:
பாய் சொல்வது இந்தத் தடவை சரி. வார்னிஷையும் முதலில் அந்தப் படிப்பட்டையில் அடித்துப் பாருங்கள்.

தங்கச்சிமடம் ஃப்ரேம் கடை:
சரி அக்கா. இன்னொன்று. அவர்கள் வீட்டில் தாத்தாவின் பழைய வள்ளத்துப் பலகை ஒன்று கிடக்கிறதாம். இரண்டாவது படத்தை அதில் போட முடியுமா என்று கேட்கிறார்கள். வருஷக்கணக்காக மீன் எண்ணெய் குடித்த பலகை, காப்பி நிறத்தில் இருக்கிறது.

மண்டபம் பட்டறை:
மரமே காப்பி நிறம் என்றால் சாம்பலுக்கு இடம் எங்கே? பெயரும் வருஷமும் செதுக்கலாம், முகம் சந்தேகம். இழைத்து உள்ளே வெளுப்பு வருகிறதா பாருங்கள். வந்தால் ஒரு பட்டை போட்டுவிட்டுச் சொல்லுங்கள். எண்ணெய் மரம் தீப்பிடிக்கும், பக்கத்தை விட்டு நகராதீர்கள்.