புதுப்பிப்பு: மூன்று சிறு வருமானம், ஒரே சம்பளம்

முன்பு நான் இங்கே கேட்டது: "டியூஷன், பிளவுஸ் தையல், இட்லி மாவு. ஒரு மாதம் கை நிறைகிறது, ஒரு மாதம் வாடகைக்கே திண்டாட்டம். நிலையான தொகையாக ஆக்க முடியுமா?"

இப்போது மூன்றும் ஒரே கணக்கில் விழுகின்றன. 1ஆம் தேதி அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு ஒரே தொகை போகிறது. எவ்வளவு என்பதில்தான் பதில் சொன்ன உங்களுக்குள் சண்டை. ஒரு அண்ணன் வருடச் சராசரி 14,000 என்றார். கையிருப்பு சேர்ந்தபின் அது சரி. வெறுங்கையோடு தொடங்கினால் முதல் மந்த மாதமே கணக்கு காலி. கணக்கு எழுதும் அக்கா சொன்னது வேறு: அரிசி, உளுந்து, லைனிங் துணிச் செலவைக் கழித்துவிட்டு, மிக மோசமான மாதத்தைப் பார்.

பார்த்தேன். மே மாதம் டியூஷன் கிடையாது, ஆனால் வைகாசி முகூர்த்தத்தால் தையல் 7,500, மாவு 4,000. மொத்தம் 11,500. ஆடியில் கல்யாணம் இல்லாததால் தையல் 2,500தான். டியூஷன் 6,000, மாவு 4,000 சேர்ந்து 12,500. மூன்றும் ஒரே சமயத்தில் படுப்பதில்லை! அதனால் சம்பளம் 11,500. மிஞ்சுவது கையிருப்பு, தீபாவளி மாதத்தில் மட்டும் 9,000 சேர்ந்தது.

இன்னொரு சிக்கல், டியூஷன் ஃபீஸ் 10ஆம் தேதிக்கு மேல்தான் வரும். ஆகவே ஒரு மாதச் சம்பளம் முன்கூட்டியே கணக்கில் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் சேர்ந்தால்தான் மந்த வாரத்துக்கான பணம்.

"நான் சீட்டில்தான் போடுகிறேன்" என்ற தம்பிக்கு: அவசரத்துக்குச் சீட்டை எடுத்தால் ஒரு பகுதி தள்ளுபடியில் போய்விடும், எனக்கு ஒத்துவராது. பாதியை ஆர்டியில் போடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.