மாதக் கட்டணத்துக்கு வாடிக்கையாளரைச் சம்மதிக்க வைத்த அனுபவம் – உங்களுடையதையும் சொல்லுங்கள்

திருப்பூர்க்காரன்

பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு ஈஆர்பி மென்பொருள் ஆலோசனை சொல்கிறேன். மணிக்கு 1,500 ரூபாய் என்று பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஷிப்மென்ட் வாரத்தில் போன் ஓயாது, மற்ற நாளில் ஆளே கூப்பிட மாட்டார்கள். பழைய பில்களைப் பார்த்து, மாதாமாதம் எத்தனை மணி நேரம் போனது என்று ஒரு தாளில் எழுதினேன். குறைந்தது 11, அதிகம் 23, சராசரி 16. அந்தத் தாளோடுதான் முதலாளியிடம் போனேன். மாதம் 16 மணி நேரம், 24,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

"வேலையே இல்லாத மாசமும் காசா?" என்றார்.

"அந்த நேரத்தை வேற யாருக்கும் தர மாட்டேங்கண்ணா, அதுக்குத்தான்" என்றேன். மிச்ச நேரத்தில் 4 மணி நேரம் வரை அடுத்த மாதத்துக்குப் போகும், அதற்கப்புறம் போகாது என்று முடிவானது. 16 தாண்டினால் மணிக்கு 1,800. தாண்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பதில் நேரத்தில்தான் பேச்சு இழுத்தது. எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் சரியாகணும் என்றார். பேக்கிங் லிஸ்ட் அச்சாகாமல் லாரி நின்றால் 2 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குவேன், எப்போது முடியும் என்று வாக்குத் தர முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் மாற்றம் மாதிரி விஷயங்களுக்கு மறுநாள் பதில். 5ஆம் தேதிக்குள் குடோன் இருப்புக்கும் சிஸ்டம் இருப்புக்கும் உள்ள வித்தியாச அறிக்கை. புது மாட்யூல் என்றால் தனி கொட்டேஷன்.

சேலம் சிசிடிவி

நாங்களும் இப்படித்தான் ஏஎம்சி போடுகிறோம். வருஷத்துக்கு 4 விசிட், ஸ்பேர் பார்ட்ஸ் தனி. மணிக்கணக்கெல்லாம் யாரும் கேட்டதில்லையே?

திருப்பூர்க்காரன்

கேமரா ரிப்பேருக்கு விசிட் கணக்குப் போதும் அண்ணா. இங்கே போனில் கேட்கும் சந்தேகம்தான் பாதி நேரத்தைத் தின்கிறது.

மதுரை டிசைனர்

மணி நேரத்தையே எழுதக் கூடாது என்பேன். எழுதினால் அதற்கே பேரம் பேசுவார்கள். வேலையின் பட்டியலை மட்டும் கொடுங்கள்.

கணக்கு அக்கா

லோகோ, போஸ்டர் என்றால் அது சரி தம்பி. ஆலோசனைக்கு எல்லை வேண்டாமா? "சின்ன சந்தேகம்"னு நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். திருப்பூர்த் தம்பி, பில்லை மாத முதல் தேதியே போடுங்கள், மாதம் முடிந்து போட்டால் பழைய கதைதான். டிடிஎஸ் 24,000-க்கு மட்டும் பிடிக்கணும், தனியாகக் காட்டிய 4,320 ஜிஎஸ்டிக்குப் பிடிக்கக் கூடாது. 10 சதவீதம் பிடித்தால் கைக்கு 25,920 வரும். தொழில்நுட்பச் சேவை என்று 2 சதவீதம் பிடிப்பவர்களும் உண்டு, அவர்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மதுரை டிசைனர்

சரி அக்கா. ஆனால் அந்த 4 மணி நேரத்தை எதற்கு விட்டுக்கொடுக்கணும்? அந்த மாதத்து நேரம் அந்த மாதத்தோடு தீர்ந்தது.

திருப்பூர்க்காரன்

அது இல்லாமல் அவர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார். இப்போது என் தலைவலி வேறு. ஞாயிற்றுக்கிழமை கன்டெய்னர் ஏற்றும்போது வரும் போனை 16-க்குள் சேர்ப்பதா, 1,800-இல் போடுவதா? ஒப்பந்தத்தில் திங்கள் முதல் சனி வரை என்று மட்டும்தான் இருக்கிறது.

கணக்கு அக்கா

என்னிடம் ஒருவர் ஞாயிறு நேரத்தை ஒன்றரை மடங்காகக் கழிக்கிறார், இன்னொருவர் போனையே எடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் வாடிக்கையாளர் போகவில்லை.