காசு செலவழிக்காமல் ரீல்ஸ் தொடர்: உங்கள் பொட்டிக்குக்கு எது கைகொடுத்தது?

ஈரோடு தையல்காரி: எங்களுடையது பிளவுஸ் தைக்கிற சின்ன பொட்டிக். ஒரு போன், ஒரு ஜன்னல், அவ்வளவுதான் வசதி. புடவையை விரித்துக் காட்டும் ரீலை எல்லாக் கடையும் போடுகிறது. அதனால் வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்விகளை பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துவந்தேன். ஒரு கேள்விக்கு ஒரு ரீல்.

நன்றாகப் போனது ‘ஒரு தடவை துவைத்ததுமே பிளவுஸ் ஏன் இழுத்துக்கொள்கிறது?’ என்பது. ஒரே காட்டன் லைனிங்கில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை மட்டும் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காயவைத்து, அயர்ன் செய்தேன். ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் ஊறிய துண்டு குட்டையாகிவிட்டது பளிச்சென்று தெரியும். அந்த வித்தியாசத்தைத்தான் முதல் இரண்டு விநாடியில் காட்டினேன்; ஊறவைத்த கதை அதற்குப் பிறகு. வாளியிலிருந்து ஆரம்பித்திருந்தால் யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது புதிதாக வருகிறவர்கள், “லைனிங்கை நனைச்சுத்தானே தைப்பீங்க?” என்று கேட்டுக்கொண்டே துணியைக் கொடுக்கிறார்கள்.

கல்யாண வீடியோக்காரர்: ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது கடை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் மெரூன் சிவப்பாகத் தெரியும், அப்புறம் பார்சல் திரும்பி வரும். ராத்திரி எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, எழுத்தைத் திரையின் அடியில் போடாதீர்கள். அங்கே கடைப் பெயரும் கேப்ஷனும் வந்து மறைத்துவிடும்.

சுடிதார் அக்கா: இதெல்லாம் எதற்குப்பா? டிரெண்டில் இருக்கிற சினிமாப் பாட்டைப் போட்டால் தானாக வியூஸ் ஏறும்.

கல்யாண வீடியோக்காரர்: ஏறும், இல்லை என்று சொல்லவில்லை அக்கா. ஆனால் இன்ஸ்டாவில் பிசினஸ் கணக்கு என்றால் நிறைய சினிமாப் பாட்டு லிஸ்டிலேயே வராது. வெளியிலிருந்து ஒட்டிப் போட்டால் இன்ஸ்டாவே சத்தத்தை நிறுத்திவிடவும் கூடும். தையல் மெஷின் சத்தத்தையே விடுங்கள், அதுவும் கேட்க நன்றாக இருக்கும்.

நைட்டி வியாபாரி: நான் ஒரு இன்ஃப்ளுயன்சருக்கு இரண்டு நைட்டி இலவசமாக அனுப்பினேன். இன்னும் வீடியோ வரவில்லை. எப்படித் திரும்பக் கேட்பது?

ஈரோடு தையல்காரி: அண்ணா, அது வேற கதை! எனக்கு ஒரு சந்தேகம். ரேட்டை ரீலிலேயே போடுவீர்களா?

சுடிதார் அக்கா: போடவே மாட்டேன். பக்கத்துக் கடைக்காரர் ஐம்பது குறைத்துப் போட்டுவிடுவார்.

கல்யாண வீடியோக்காரர்: ‘விலைக்கு மெசேஜ் பண்ணுங்க’ என்று பார்த்தாலே என் வீட்டம்மா தள்ளிவிட்டுப் போகிறார். ஆரி வேலைக்கு ‘இவ்வளவில் ஆரம்பம்’ என்றாவது போடலாமே.

ஈரோடு தையல்காரி: ஆரம்ப விலையைப் போட்டால், எல்லா டிசைனையும் அதே விலைக்குக் கேட்கிறார்களே!