அக்கா மகளைக் கட்டிய வீட்டில் தலைமுறை எண் இடிக்கிறது: உதவி தேவை

வைகைக்கரை: செல்லம் ஆச்சி சொன்னதைப் பதிவு செய்து, தலைமுறைக்கு ஒரு உள்தள்ளலாக எழுதுகிறேன். முத்தையாவுக்கு மூன்று பிள்ளைகள்: காளியம்மா, சுப்பையா, ராமு. காளியம்மா மகள் பொன்னியைத் தாய்மாமன் சுப்பையாவே கட்டினார். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்: தாத்தா பேர் வைத்த முத்தையா, அப்புறம் ஆச்சி. வெளியிலிருந்து வந்த மருமக்களை விட்டுவிட்டால் ஆச்சி கணக்கில் 7 பேர். என் பட்டியலில் 10 வரி. எங்கே தப்பு?

தறிவீடு: பெண்களுக்குத் தனி எண் வேண்டாம். பிள்ளைகளை அப்பா கீழே மட்டும் போடுங்க, சரியாகிடும்.

ஏட்டுக்கட்டு: பிள்ளைகளை அப்பா கீழே ஒருமுறை போடுவது சரி. ஆனால் பெண்ணுக்கு எண் இல்லையென்றால் பொன்னி காளியம்மா மகள் என்பதே காணாமல் போய்விடும். உங்கள் பட்டியலில் பொன்னி இரண்டு இடத்திலும், அவர் பிள்ளைகள் இருவரும் இரண்டு இடத்திலும் வந்திருப்பார்கள். கூடுதல் மூன்று வரி அதுதான். எண் பிறந்த இடத்தில்தான். கல்யாண இடத்தில் அந்த எண்ணைச் சுட்டினால் போதும்.

```
1 முத்தையா
  1.1 காளியம்மா
    1.1.1 பொன்னி (பிள்ளைகள்: 1.2 பார்க்க)
  1.2 சுப்பையா + பொன்னி 1.1.1
    1.2.1 முத்தையா
    1.2.2 செல்லம்
  1.3 ராமு
```

ஆச்சி அப்பா வழியில் மூன்றாம் தலைமுறை, அம்மா வழியில் நான்காவது. எண்ணில் ஒன்றுதான் நிற்கும். மற்றதைக் குறிப்பாக எழுதுங்கள். ஒலிப்பதிவில் "முத்தையா தாத்தா" என்றாலும் "அம்மாவோட தாத்தா முத்தையா" என்றாலும் அதே ஆள்தான், இருவராக்கிவிடாதீர்கள். வெறும் "முத்தையா" என்று வந்தால் 1-ஆ, 1.2.1-ஆ என்று அங்கேயே கேட்டு எண்ணை எழுதுங்கள். உறவுமுறைச் சொல்லை மட்டும் எழுதி வைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

வைகைக்கரை: எண்ணிவிட்டேன், 7 வருகிறது. "தனுஷ்கோடி அழிஞ்ச வருஷம், தை மாசம்" ஆச்சிக்குக் கல்யாணமாம். 1964 என்று போடவா?

ஏட்டுக்கட்டு: புயல் 1964 டிசம்பர் கடைசியில். அதை ஒட்டி வரும் தை 1965 ஜனவரி நடுவில் பிறக்கிறது. சித்திரை முதல் பங்குனி வரை ஒரே குரோதி வருஷம் என்பதால் ஆச்சிக்கு அது "அதே வருஷம்". புயலுக்கு முன்னாடியா பின்னாடியா என்று மட்டும் கேளுங்கள். முன்னாடி என்றால் 1964 தை, அது சோபகிருது. ஆச்சி சொன்ன வாக்கியத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கொங்குப்பொண்ணு: எங்க வீட்டுல ஒரு பையன் பெரியப்பாவுக்குத் தத்துப் போனார். அவரை எங்கே வைக்கிறது?

தறிவீடு: வளர்த்தவங்க கீழதான். கொள்ளி வச்சதே அவர்தானே.

ஏட்டுக்கட்டு: நான் பெற்றவர் கீழே எண் கொடுத்து, வளர்த்தவர் வரியில் சுட்டுவேன். பங்காளிகள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.