கலைச்சொல் விவாதம்: அரசாங்கக் கடனும் தனியார் கொடுகடனும்

அன்புள்ள குழுவினருக்கு,

அரசாங்கம் வரவு செலவுத்திட்டப் பற்றாக்குறையை ஈடுசெய்ய உள்நாட்டில் பெருமளவு கடன்படும்போது, வட்டி உயர்ந்து தனியாரின் கொடுகடன் சுருங்குவதை ஆங்கிலத்தில் 'கிரவுடிங் அவுட்' என்கிறார்கள். உயர்தர வகுப்புக்கான என் குறிப்பில் 'வெளித்தள்ளல்' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் யார், எதனால், எங்கிருந்து தள்ளப்படுகிறார் என்பது அச்சொல்லில் தெரியவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

பொருளியல் ஆசிரியை, திருகோணமலை நகர்

ரீச்சர், வணக்கம். 'நிதிப்பறிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். வங்கிகளில் உள்ள சேமிப்பு ஓர் அளவுக்குட்பட்டது. திறைசேரி உண்டியல், முறி ஆகிய கடன்பத்திரங்களின் ஏலங்களில் அரசாங்கம் அதைப் பெற்றுக்கொண்டால், தனியாருக்குக் கொடுக்க வங்கியிடம் பணம் மிஞ்சாது. 'பறிப்பு' என்பது அதை நேரடியாகச் சொல்லிவிடும்.

பல்கலைக்கழக மாணவன், கோணேசபுரி

தம்பி சொல்வதில் பாதி சரி. வட்டி உயர்கிறது என்பது உண்மை. பணம் தீர்ந்துபோகிறது என்பது அப்படியல்ல. அரசாங்கம் பெற்ற கடன் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் ஒப்பந்தக்காரருக்கான கொடுப்பனவாகவும் வெளியே வந்து, மீண்டும் ஏதோ ஒரு வங்கியில் வைப்பாகச் சேர்கிறது. மாறுவது பணத்தின் விலையும், வங்கியாளர் மனத்தில் நடக்கும் ஒப்பீடும்தான்.

தவணை முடிவில் நூறு ரூபாய் முகப்பெறுமதியைத் தரும் 364 நாள் உண்டியலை எடுத்துக்கொள்வோம். விளைவு வீதம் 5 சதவீதமாக இருந்தால் வங்கி அதனை ஏறத்தாழ 95 ரூபாய் 24 சதத்துக்கு வாங்கும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் நிலவியதுபோல வீதம் 29 சதவீதமானால் அதே உண்டியலின் விலை ஏறத்தாழ 77 ரூபாய் 50 சதம். ரூபாயில் வெளியிடப்படும் அரசாங்கப் பிணையங்களுக்கு இடர்நிறை பூச்சியம் என்பதால் வங்கி அவற்றுக்கெனத் தன் மூலதனத்தை ஒதுக்கத் தேவையில்லை. ஒரு வியாபாரிக்குக் கொடுக்கும் கடனுக்கு மூலதனமும் வேண்டும், அறவிடமுடியாக் கடனுக்கான ஏற்பாடும் வேண்டும். ஆகவே அவரிடம் 29 சதவீதத்துக்கும் மேலாகக் கேட்க வேண்டிவரும். அந்த வட்டியைக் கட்டும் இலாபம் எந்த வியாபாரத்திலும் இலகுவில் கிடைக்காது. அவர் தாமாகவே விலகிவிடுகிறார். எனவே பறிப்பு நிகழவில்லை. 'வட்டிவழி விலக்கம்' என்பது என் பரிந்துரை.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், உப்புவெளி

ஐயா, நான் தம்பலகாமத்தில் நெல் ஆலை நடத்துகிறேன். பற்றாக்குறை என்று நீங்கள் குறிப்பிடுவது 2022இல் டொலர் இல்லாமல் போனதைத்தானே? அறுவடைக் காலத்தில் நெல் வாங்கி இருப்பு வைக்க ஆண்டுதோறும் கடன் எடுப்பேன். அடுத்த பெரும்போகத்தில் வங்கி கேட்ட வட்டி முந்தியதைப்போல இரண்டு மடங்கிலும் மேலாக இருந்ததால் பாதி நெல்லைத்தான் வாங்க முடிந்தது. மீதியைக் கையில் காசு வைத்திருந்த வெளியூர் வியாபாரிகள் அள்ளிச் சென்றார்கள். எனக்கு நடந்தது விலக்கமில்லை, துரத்தல்.

ஆலை உரிமையாளர்

ஐயா, டொலர்ப் பற்றாக்குறை வெளிநாட்டுக் கொடுப்பனவு சார்ந்தது. நாங்கள் இங்கே பேசுவது அரசாங்கத்தின் வருமானத்துக்கும் செலவுக்கும் இடையிலான இடைவெளியை. ஆயினும் உங்கள் அனுபவம் என் சொல்லைச் சோதிக்கிறது. 2022இல் வீதங்கள் ஏறியதற்குக் கடன்படுதல் மட்டும் காரணமில்லை. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. பணவீக்கம் செப்டெம்பரில் 70 சதவீதத்தை நெருங்கியது. உள்நாட்டுக் கடனும் மறுசீரமைக்கப்படுமோ என்ற அச்சமும் இருந்தது. ஆகவே உங்கள் வட்டியில் எவ்வளவு பங்கு பற்றாக்குறையினால் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. ஓர் அடையாளம் மட்டும் உண்டு: வியாபாரம் மந்தமாகிக் கடன் கேட்போர் குறைந்ததுதான் காரணமென்றால் கொடுகடனோடு வட்டியும் இறங்க வேண்டும். கொடுகடன் குறையும்போது வட்டி ஏறினால் நெருக்குதல் கடன் வழங்கும் பக்கத்திலிருந்து வருகிறது. அது அரசாங்கத்தினால் வந்ததா, மத்திய வங்கியினால் வந்ததா என்பதை அந்த அடையாளமும் காட்டாது.

உப்புவெளி

ஐயா, அப்படியானால் 2021ஐ என்னவென்று சொல்வது? அந்த ஆண்டும் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 10 சதவீதத்துக்கு மேல். ஆனால் உண்டியல் வீதம் ஆண்டின் முற்பகுதியில் 5 சதவீத அளவில் நின்றது, தனியார் கொடுகடனும் வளர்ந்தது.

கோணேசபுரி

நல்ல கேள்வி, தம்பி. ஏலங்களில் உயர்ந்தபட்ச வீதம் விதிக்கப்பட்டது. அந்த வீதத்தில் விலைபோகாத உண்டியல்களை மத்திய வங்கி புதுப்பணத்தால் வாங்கியது. தனியார் விலகவில்லை, சுமை பின்னர் பணவீக்கமாகவும் நாணயமாற்று நெருக்கடியாகவும் வந்தது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் முதல்நிலைச் சந்தையில், அதாவது அரசாங்கத்திடமிருந்து நேரடியாக, அவ்வாறு வாங்குவதைத் தடைசெய்திருப்பதால், இனி வரும் பற்றாக்குறைகளின் அழுத்தம் வீதங்களில் முன்னரைவிட நேரடியாகத் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

உப்புவெளி

மூவருக்கும் நன்றி. தம்பியின் 'பறிப்பு' என்பதை விட்டுவிடுகிறேன். 'வட்டிவழி விலக்கம்' பொருளைச் சரியாகத் தருகிறது; ஆனால் ஆலை உரிமையாளர் சொல்வதுபோல, தானாக விரும்பி விலகியதாக மாணவர் எண்ணக்கூடும். 'வட்டிவழி வெளித்தள்ளல்' என்று குறிப்பில் எழுதி, 2021ஐ அதற்குள் அடங்காத ஓர் எதிர்ச்சான்றாகக் கீழே தருகிறேன். 'தள்ளல்' என்பதில் உப்புவெளி ஐயாவுக்கு உடன்பாடில்லை என்று தெரியும். அவருடைய சொல்லையும் அருகிலேயே வைக்கிறேன்.

திருகோணமலை நகர்